ஆபீஸ் குரூப்பில் பாஸ்வேர்டைப் போட்டுவிட்டேன், என்ன செய்வது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சம்பளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சம்பள நாளன்று மேனேஜர் அவசரமாகக் கேட்டார் என்று வங்கித் தளத்தில் பணப்பட்டியலை ஏற்ற என் பெயரில் உள்ள மேக்கர் ஐடியையும் பாஸ்வேர்டையும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். புதிதாகச் சேர்ந்த 11 பேரின் ஆதார், வங்கிக் கணக்கு விவரமும் அதே குரூப்பில் இருக்கிறது. ஒரு அக்கா எந்த ஆபரேஷனுக்காக லீவ் என்றும் எழுதியிருக்கிறேன். வேலையை விட்டு மூன்று மாதமான ஒருவர் இன்னும் அந்தக் குரூப்பில் இருப்பதை நேற்றுதான் பார்த்தேன். எல்லாவற்றையும் டெலீட் செய்துவிடட்டுமா? என் மேல் கேஸ் வருமா? இனிமேல் இதையெல்லாம் எப்படி எழுதுவது?

பதில்: டெலீட்டில் கை வைப்பதற்கு முன் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மாற்றிய நொடியில் குரூப்பில் கிடக்கும் பழைய மெசேஜ் பயனற்றதாகிவிடும். டெலீட் செய்வதால் அந்தப் பயன் கிடைக்காது. வாட்ஸ்அப்பில் "Delete for everyone" சுமார் இரண்டரை நாள் வரைதான் வேலை செய்யும். அதற்குப் பிறகு உங்கள் போனிலிருந்து மட்டும்தான் அழியும், மற்றவர் போனில் அப்படியே இருக்கும். விலகியவரைக் குரூப்பிலிருந்து நீக்கினாலும் அவர் போனில் ஏற்கெனவே வந்தவை போகாது. அதே பாஸ்வேர்டை பி.எஃப். தளம், மெயில் என்று வேறு எங்காவது வைத்திருந்தால் அங்கேயும் மாற்றிவிடுங்கள்.

அடுத்து, நீங்கள் போட்ட மெசேஜை அழுத்திப் பிடித்து "Message info" பாருங்கள். அதை யார் படித்தார், யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று பெயர் வாரியாகக் காட்டும். விலகியவர் படித்திருக்கிறாரா என்பது அங்கே தெரியும். அந்தத் திரையையும், மேனேஜர் பாஸ்வேர்ட் கேட்ட மெசேஜையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆதார் விவரம் இருக்கும் மெசேஜை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள், அது இன்னொரு நகல் ஆகிவிடும். அதற்குத் தேதியும் நேரமும் குறித்துக்கொண்டால் போதும். அப்புறம் வங்கித் தளத்தில் உங்கள் ஐடியின் லாகின் விவரத்தைப் பார்த்து, நீங்கள் உள்ளே போகாத நேரத்தில் யாராவது போயிருக்கிறார்களா என்று சரிபாருங்கள்.

இதெல்லாம் முடிந்ததும் மேனேஜருக்கும் முதலாளிக்கும் சேர்த்து ஒரு மெயில் அனுப்புங்கள். இப்படி எழுதலாம்:

"ஐயா, கடந்த சம்பள நாளன்று கேட்கப்பட்டதன்பேரில் என் வங்கி மேக்கர் ஐடியின் பாஸ்வேர்டை அக்கவுண்ட்ஸ் குரூப்பில் பதிவிட்டேன். இன்று காலை அதை மாற்றிவிட்டேன். பணியிலிருந்து விலகிய ஒருவர் குரூப்பில் இருக்கிறார், அவரை நீக்க வேண்டுகிறேன். பணியாளர்கள் சிலரின் அடையாள, வங்கி, விடுப்பு விவரங்களும் அதில் உள்ளன. அவற்றை நீக்கலாமா, வேறு என்ன செய்ய வேண்டும் என்று எழுத்தில் தெரிவிக்கவும்."

இந்த மெயிலில் பாஸ்வேர்டும் இல்லை, யார் பெயரும் இல்லை. நடந்ததைச் சொல்லும் கடிதத்தில் அதே விவரத்தை மறுபடி ஒட்டிவிடுவதைப் பலர் செய்வதால் இதைச் சொல்கிறேன். பதில் வந்த பிறகு டெலீட் செய்யுங்கள். விசாரணை வரும் என்று தெரிந்தே சத்தமில்லாமல் அழித்தால், செய்யாத தப்பை மறைத்தது போல ஆகிவிடும். நீதிமன்றத்தில் சான்றாக வருவதைத் தடுக்கும் நோக்கத்தில் மின்னணுப் பதிவை அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 241-வது பிரிவின்படி குற்றம். உங்கள் நோக்கம் அது இல்லை. ஆனால் நோக்கத்தைப் பின்னால் விளக்குவதைவிட, எழுதிக் கேட்டுவிட்டு அழிப்பது எளிது.

இனி கேஸ் பற்றி. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-ன் 66-வது பிரிவும் 66சி பிரிவும் நேர்மையின்மை அல்லது மோசடி எண்ணம் இருந்தால்தான் பொருந்தும். 66சி என்பது அடுத்தவர் பாஸ்வேர்டை அப்படிப் பயன்படுத்துபவருக்கான பிரிவு. மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. மேலதிகாரி கேட்டு, கம்பெனி வேலைக்காகக் கொடுத்த உங்கள் மேல் அது நிற்காது. விலகியவர் அந்தப் பாஸ்வேர்டால் கணக்கில் கை வைத்திருந்தால் அவர் மேல் நிற்கும். பணியாளர்களின் விவரத்தைக் காக்கும் பொறுப்பும் சட்டப்படி முதலில் கம்பெனியுடையதுதான். பாஸ்வேர்ட், வங்கி விவரம், உடல்நிலை, மருத்துவப் பதிவு ஆகியவற்றை அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2011-ம் ஆண்டு விதிகள் உணர்திறன் மிக்க தனிப்பட்ட தகவல் என்றே பெயர் சொல்லி வைத்திருக்கின்றன. அவற்றைக் கவனக்குறைவாகக் கையாண்டு ஒருவருக்கு இழப்பு வந்தால் அதே சட்டத்தின் 43ஏ பிரிவின்படி நிறுவனம் இழப்பீடு தர வேண்டும். தனிநபர் நடத்தும் சிறு கம்பெனிக்கும் இது பொருந்தும்.

2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைவிடக் கடுமையானது. தற்செயலாக வெளியே பகிர்வதும் அதில் தரவு மீறல்தான். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அந்த அபராதம் அரசுக்குப் போகும், பாதிக்கப்பட்ட தொழிலாளிக்கு வராது. அந்தக் கடமைகள் நடைமுறைக்கு வரும்போது இழப்பீடு தரும் 43ஏ பிரிவும் நீங்கிவிடும்.

கேஸ் இல்லை என்பதால் சிக்கலே இல்லை என்று நினைக்க வேண்டாம். வங்கியில் ஒருவர் பணப்பட்டியலை ஏற்றுவதும் இன்னொருவர் ஒப்புதல் கொடுப்பதும் எதற்காக? ஒரே ஆள் தனியாகப் பணத்தை நகர்த்தக் கூடாது என்பதற்காக. ஒப்புதல் கொடுப்பவர் உங்கள் மேனேஜர் என்றால், உங்கள் ஐடியும் அவர் கைக்குப் போன அன்று அந்தப் பூட்டு உடைந்துவிட்டது. வங்கியின் பதிவில் ஏற்றியவர் என்று உங்கள் பெயர்தான் இருக்கும்.

ஆகவே பாஸ்வேர்ட் கேட்கும்போது எப்படிப் பதில் எழுதுவது என்பதிலிருந்து தொடங்குகிறேன். மேனேஜருக்குத் தேவை வேலை முடிவது, அதைக் கொடுத்துவிடுங்கள்.

"சார், சம்பள ஃபைலை நானே இப்போது ஏற்றிவிடுகிறேன். பத்து நிமிடத்தில் உங்கள் ஒப்புதலுக்கு வரும்."

நீங்கள் லீவில் இருக்கும் நாளுக்கு முன்கூட்டியே ஒன்று எழுதி வையுங்கள்:

"சார், நான் இல்லாத நாளில் ஃபைல் ஏற்ற இன்னொருவருக்குத் தனி மேக்கர் ஐடி வேண்டும். வங்கிக்கான கடிதம் உங்கள் மேசையில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுத் தரவும்."

"பழைய பாஸ்வேர்ட்தான் சார், கடைசியில் வருடம் மட்டும் மாறியிருக்கு" என்று எழுதுவதும் பாஸ்வேர்டைப் போடுவதுதான். பாதியைக் குரூப்பிலும் பாதியைத் தனி மெசேஜிலும் அனுப்புவதும் அப்படியே.

புதியவர்களின் விவரத்துக்கு வருவோம். சம்பளம் ஏற்ற வங்கிக்குத் தேவை பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி குறியீடு. ஆதார் தேவையில்லை. ஆதார் பி.எஃப். பதிவுக்குத் தேவை, அதற்கும் குரூப்பைத் தொடவே வேண்டாம். அடையாளத்துக்காக நகல் கேட்டால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை வாங்கி வையுங்கள். குரூப்பில் இவ்வளவு போதும்:

"புதியவர்கள் 11 பேரின் விவரம் சம்பள ஃபோல்டரில் உள்ளது. டோக்கன் 214, 219, 226 மூவரும் இன்று மாலைக்குள் பாஸ்புக்குடன் சம்பளப் பிரிவுக்கு வரவும்."

அந்த ஃபோல்டரைத் திறக்கும் அனுமதி உங்களுக்கும் மேனேஜருக்கும் மட்டும் இருக்கட்டும். ஃபைலாக அனுப்பியே ஆக வேண்டும் என்றால் பாஸ்வேர்ட் போட்டு அனுப்பி, அந்தப் பாஸ்வேர்டைப் போனில் பேசிச் சொல்லுங்கள். ஃபைலுக்குக் கீழேயே அடுத்த மெசேஜாக அதை அனுப்பினால் பூட்டிய கதவில் சாவியைத் தொங்கவிட்ட மாதிரிதான்.

மூன்றிலும் எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது அந்த அக்காவின் விஷயம். பாஸ்வேர்டை மாற்றலாம், வங்கிக் கணக்கைக்கூட மாற்றலாம். ஒரு பெண்ணுக்கு என்ன ஆபரேஷன் என்று லைன் முழுக்கத் தெரிந்த பிறகு அதை எப்படி மாற்றுவது? லைன் சூப்பர்வைசருக்கு அவர் எத்தனை நாள் வரமாட்டார் என்பது தெரிந்தால் போதும். ஏன் என்பது அவர் வேலைக்குத் தேவையே இல்லை.

"ஓவர்லாக் மூன்றாம் லைனில் திங்கள் முதல் ஆறு வாரத்துக்கு ஒருவர் விடுப்பு. மாற்று ஆள் தேவை. விடுப்புச் சான்று சரிபார்க்கப்பட்டது."

யாராவது "என்னாச்சு?" என்று குரூப்பில் கேட்டால், "அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், நான் சொல்வது முறையில்லை" என்று எழுதுங்கள். இ.எஸ்.ஐ. மருத்துவச் சான்றையும் போட்டோ எடுத்துப் போட வேண்டாம், அதில் நோயின் பெயரும் இருக்கக்கூடும். இங்கே டோக்கன் எண்ணும் காப்பாற்றாது. லைனில் இருப்பவர்களுக்கு அந்த எண் யாருடையது என்று தெரியும், அதனால் எண்ணையும் காரணத்தையும் ஒரே மெசேஜில் எழுதக் கூடாது. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. வேலை நடக்கும்போது ஒருவர் மயங்கி விழுந்தால் அவருடைய ரத்த வகை, சர்க்கரை நோய் உண்டா, வீட்டுப் போன் எண் ஆகியவற்றை உதவி செய்பவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்தான நேரத்துக்குப் புதிய சட்டமும் இடம் தருகிறது. அப்போதும் குரூப்பில் போடாமல் நேரில் அல்லது போனில் சொன்னால் வேகமும் அதிகம்.

அந்த அக்காவிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். "அக்கா, உங்க லீவுக்கான காரணத்தை நான் குரூப்ல எழுதிட்டேன், எழுதியிருக்கக் கூடாது. ஆபீஸ்ல சொல்லி எடுக்கச் சொல்லியிருக்கேன்" என்று நேராகச் சொன்னால் போதும். மற்ற 11 பேரிடமும், அவர்கள் கணக்கு எண் வெளியே போயிருக்கிறது, வங்கி பெயரில் யார் போன் செய்தாலும் ஓ.டி.பி. சொல்ல வேண்டாம் என்று எச்சரிக்கை செய்யுங்கள்.

வங்கி லாகின் விவரத்தில் உங்களுடையது அல்லாத நுழைவு தெரிந்தால் உடனே வங்கிக்குச் சொல்லி ஐடியை நிறுத்துங்கள். பணம் போயிருந்தால் அதே மணி நேரத்தில் 1930 எண்ணில் அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் பதிய வேண்டும். கம்பெனி கணக்கு என்பதால் முதலாளியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இத்தனைக்கும் பிறகு கம்பெனி உங்களுக்கு மட்டும் மெமோ கொடுக்கலாம். அவர்களே தட்டச்சு செய்து வைத்திருக்கும் "தவறை ஒப்புக்கொள்கிறேன்" என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மெமோவைப் பெற்றுக்கொண்டதற்கு மட்டும் தேதியுடன் கையெழுத்திட்டு, சொன்ன நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். அதில் யார் கேட்டார், எப்போது கொடுத்தீர்கள், எப்போது மாற்றினீர்கள், மெயில் எப்போது அனுப்பினீர்கள் என்ற நாலும் இருக்கட்டும். அது முடியும் வரை போனை மாற்றவோ வாட்ஸ்அப்பை அழித்து மறுபடி போடவோ வேண்டாம். மேனேஜர் கேட்ட அந்த மெசேஜை நாளை சான்றாகக் காட்ட வேண்டி வந்தால், சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-வது பிரிவின்படி சான்றிதழுடன் கொடுக்க வேண்டியிருக்கும். மெசேஜ் வந்த அதே போன் கையில் இருந்தால் அந்தச் சான்றிதழைத் தயார் செய்வது சுலபம்.