ஒரு ஸ்டார் விமர்சனத்துக்கு என்ன பதில் போடுவது?

"கூகுளில் ஒருவர் 'கேக் புளிச்சுப்போச்சு, போன் பண்ணினா எடுக்கல' என்று ஒரு ஸ்டார் போட்டுவிட்டார். கேக் நன்றாகத்தான் இருந்தது, அன்று கூட்டத்தில் போனை எடுக்கவில்லை. என்ன எழுதட்டும்?"

கேக் நன்றாக இருந்தது என்று அங்கே வாதாடாதீர்கள், நாளைக்கு ஆர்டர் கொடுக்க வருகிறவர் படிப்பது உங்கள் பதிலைத்தான். போன் எடுக்காதது உண்மை, அதை நேராக ஒத்துக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"வணக்கம். கேக் உங்களுக்குத் திருப்தி தராததும், நீங்கள் அழைத்தபோது நாங்கள் எடுக்காததும் வருத்தமாக இருக்கிறது. மன்னிக்கவும். கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு பில் போட்டோ அனுப்புங்கள், இன்று மாலைக்குள் நானே அழைக்கிறேன். – உரிமையாளர்"

விமர்சனம் எழுதியவருக்கு கூகுள் வழியாகத் தனியாகச் செய்தி அனுப்ப முடியாது, அதனால் பதிலுக்குள்ளேயே எண்ணைக் கொடுத்துவிடுங்கள், கடை எண் போதும். அவருடைய ஆர்டர் விவரம், முகவரி எதுவும் பொதுவில் வேண்டாம். பணம் திருப்பித் தருவதைப் போனில் பேசிக்கொள்ளலாம். ஆனால் 'ஸ்டாரை மாற்றினால் தருகிறேன்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது கூகுள் விதிக்கே விரோதம், அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டுவிடுவார்கள். அப்புறம், மாலை என்று எழுதினால் மாலைக்குள் கண்டிப்பாக அழைத்துவிடுங்கள்.