சிங்களத்தில் ஒரு 'என்று'

"பாம்பனிலிருந்தபடி சிங்களம் கற்கிறேன். வாக்கியம் தமிழ் போலவே அமைகிறதே, அதுவும் திராவிட மொழியா?"

இல்லை, அது இந்தோ-ஆரிய மொழி. தமிழோடு நெடுங்காலம் பழகியதே இந்த ஒற்றுமைக்குப் பெரும்பாலும் காரணம்.

'மம எனவா கியலா எயா கிவ்வா' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால், 'நான் வருகிறேன் என்று அவர் சொன்னார்' என வரும். 'கியலா' என்பதன் நேர்ப்பொருள் 'சொல்லி'. நம் 'என்று' என்பதும், நாம் மறந்துவிட்டாலும், 'சொல்லி' எனப் பொருள்படும் வினையெச்சமே.

மொழிக்குடும்பத்தை அறிய எண்ணுப்பெயர்களைப் பாருங்கள்: இரண்டு, மூன்று, ஏழு ஆகியவை சிங்களத்தில் தெக, துன, ஹத, இந்தியில் தோ, தீன், சாத்.

ஆயினும், சமஸ்கிருதத்தின் 'இதி' என்ற சொல்லும் கூற்றின் பின்னரே வருவதால், இந்த ஓர் அமைப்பை மட்டும் வைத்துத் தமிழின் தாக்கம் என முடிவு செய்ய வேண்டாம்.