அப்படியே ஒட்டும்படி ஒரு பத்தி: நிறுவனர் அறிமுகம் குறித்த கேள்வி-பதில்

செய்திக்குறிப்போடு நாளிதழ்களுக்கு அனுப்பும் நிறுவனர் பற்றிய பத்தி எத்தனை சொற்கள் இருக்கலாம்?

தமிழில் ஐம்பது, அறுபது சொற்கள் போதும். எண்ணிக்கையைவிட வரிசை முக்கியம். பக்கத்தில் இடம் குறைந்தால் துணை ஆசிரியர் கடைசி வாக்கியத்திலிருந்துதான் வெட்டிக்கொண்டே வருவார். முதல் வாக்கியம் மட்டும் மிஞ்சினாலும் ஆள் யார், நிறுவனம் என்ன செய்கிறது என்பது தெரிந்துவிட வேண்டும்.

"எங்கள் நிறுவனர்" என்று எழுதியதை ஒரு நாளிதழ் அப்படியே அச்சிட்டுவிட்டது. அலுவலகத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

சிரிக்கத்தான் செய்வார்கள். பத்திரிகையில் "எங்கள்" என்று வந்தால் அது பத்திரிகையின் குரல். அதாவது, அந்த நாளிதழையே உங்கள் நிறுவனர்தான் தொடங்கினார் என்று அவர்களே அறிவித்துவிட்டார்கள். பெயரில் தொடங்குங்கள், படர்க்கையில் எழுதுங்கள். "திரு." போடாதீர்கள், பல நாளிதழ்களில் அதை எடுப்பதே ஒருவருக்குத் தனி வேலை.

நான் எழுதிய பத்தியை இரண்டு நாளிதழ்கள் சிதைத்துவிட்டன. பத்தியை இணைத்திருக்கிறேன். தவறு எங்கே?

இணைத்ததற்கு நன்றி. பலர் பத்தியை அனுப்பாமலே "ஏன் வெட்டினார்கள்?" என்று கேட்கிறார்கள், எனக்கு ஜோதிடம் தெரியாது. பெயர்களை எடுத்துவிட்டு உங்கள் பத்தியைத் தருகிறேன்:

"இளம் வயதிலேயே பெரும் கனவுகளைச் சுமந்த, தொலைநோக்குச் சிந்தனையாளரான இன்னார், கடந்த ஏழு ஆண்டுகளாகத் தென்னிந்தியாவின் முன்னணிக் குளிர்பதனக் கிடங்கு நிறுவனத்தை வெற்றிகரமாக நடத்திவருகிறார். 38 வயதான இவரது நிறுவனத்துக்குத் தற்போது 40 கிடங்குகள் உள்ளன. விரைவில் இது நூறாக உயரும்."

கனவையும் தொலைநோக்கையும் எந்தச் செய்தி மேசையும் முதல் பார்வையிலேயே அடித்துவிடும். "முன்னணி" என்றால் நிருபர் உங்களைக் கூப்பிட்டு "யார் சொன்னது?" என்று கேட்க வேண்டும். கேட்க நேரமில்லாதபோது அந்தச் சொல்லோடு சேர்த்துப் பாதி வாக்கியத்தை வெட்டுவார். அது போகட்டும்.

என் பழைய கோபம் மற்ற சொற்கள் மேல்: "கடந்த ஏழு ஆண்டுகளாக", "38 வயதான", "தற்போது", "விரைவில்". நான் நாளிதழ் மேசையில் இருந்த காலத்தில், ஒரு நிறுவனத்தின் பத்தி மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வந்தது. மூன்று ஆண்டுகளும் அதன் நிறுவனர் "கடந்த பத்து ஆண்டுகளாக" அந்தத் துறையில் இருந்தார். வயதும் ஏறவில்லை. மூன்றாம் ஆண்டு அதை அப்படியே ஒட்டிய எங்களுக்குத்தான் வாசகர் கடிதம் வந்தது. உங்கள் பத்தியும் நீங்கள் அனுப்பிய நாளோடு முடிந்துபோவதில்லை. நிருபர் அதைத் தன் கணினியில் வைத்திருப்பார். இரண்டு ஆண்டு கழித்து, உங்களிடம் கேட்காமல், வேறொரு கட்டுரையில் ஒட்டுவார். ஒட்டுவதற்காகத்தானே எழுதினீர்கள்? எழுதிய நாளிலிருந்து கணக்கிடும் சொற்கள் அன்று பொய்யாகிவிடும். "2018 முதல்" என்பது எந்த ஆண்டு ஒட்டினாலும் உண்மை. மாறக்கூடிய எண்ணிக்கைக்கு அருகிலேயே அது எந்த மாதக் கணக்கு என்று எழுதுங்கள். வரப்போவதை எழுதவே எழுதாதீர்கள். நூறாவது கிடங்கு திறக்கும்போது அதற்கென்று ஒரு செய்திக்குறிப்பு வரும்.

உங்கள் கடிதத்தில் இருந்த தகவல்களை மட்டும் வைத்து இப்படி மாற்றுகிறேன்:

"இன்னார், காய்கறிகளுக்கும் பழங்களுக்குமான குளிர்பதனக் கிடங்குகளை நடத்தும் இன்ன நிறுவனத்தின் நிறுவனர். 2018இல் ஓசூரில் ஒரே கிடங்குடன் அவர் தொடங்கிய இந்நிறுவனத்துக்கு, 2025 மார்ச் நிலவரப்படி தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் 40 கிடங்குகள் உள்ளன. நிறுவனத்தைத் தொடங்குவதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் சரக்குக் கப்பல் துறையில் பணியாற்றினார். இயந்திரப் பொறியியல் பட்டதாரி."

பெருமைச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒன்று நாற்பதானது தெரிகிறது. "தென்னிந்தியா" என்பது இரண்டு மாநிலமாகச் சுருங்கியதில் உங்களுக்கு வருத்தம் இருக்கலாம். மற்ற மாநிலங்களில் கிடங்கு இல்லை என்று எழுதியது நீங்கள்தான்.

மூன்று பேர் சேர்ந்து தொடங்கினோம். ஒருவர் விலகிவிட்டார். என்னை "நிறுவனர்" என்று மட்டும் போடலாமா?

கூடாது. விலகினாலும் தொடங்கியவர் தொடங்கியவர்தான். "மூன்று இணை நிறுவனர்களில் ஒருவர்" என்று எழுதுங்கள்.

டெஸ்லாவைப் பாருங்கள். 2003 ஜூலையில் அதை நிறுவியவர்கள் மார்ட்டின் எபர்ஹார்ட், மார்க் டார்பென்னிங் இருவரும். ஈலான் மஸ்க் 2004இல் முதலீட்டாளராகவும் இயக்குநர் குழுத் தலைவராகவும் வந்தார். யார் நிறுவனர் என்ற கேள்வியையும் சேர்த்து 2009இல் எபர்ஹார்ட் வழக்குத் தொடர்ந்தார். அந்த ஆண்டே சமரசமாகி, அவர்கள் மூவரோடு ஸ்ட்ராபெல், ரைட் ஆகியோரும் சேர்த்து ஐந்து பேர் தங்களை இணை நிறுவனர் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று முடிந்தது. ஒரு சொல்லுக்காக நீதிமன்றம் வரை போனார்கள். உங்கள் பத்தியை அனுப்புவதற்கு முன் மற்ற இருவருக்கும் காட்டி, சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பட்டப்படிப்பின் கடைசித் தேர்வை எழுதவில்லை. "படித்தவர்" என்று போட்டால் பொய்யாகாதே?

வாசிப்பவர் "பட்டம் பெற்றவர்" என்றுதான் எடுத்துக்கொள்வார். நீங்களும் அதைத்தான் விரும்புகிறீர்கள். 2012இல் யாஹூவின் தலைமைச் செயல் அதிகாரி ஸ்காட் தாம்ப்சனின் அறிமுகக் குறிப்பில் கணக்கியல், கணினி அறிவியல் என்று இரண்டு இருந்தன. பெற்றது கணக்கியல் பட்டம் மட்டும். பங்குதாரர் ஒருவர் அதை வெளிப்படுத்தினார். பொறுப்பேற்ற சில மாதங்களிலேயே தாம்ப்சன் பதவி விலகினார். பெற்ற பட்டத்தை மட்டும் எழுதுங்கள்.

அழகாக வடிவமைத்து பிடிஎஃப் ஆக அனுப்புகிறோம். ஆனாலும் பெயரைத் தப்பாகப் போடுகிறார்கள்.

ஆனாலும் அல்ல, அதனால்தான். தமிழ் பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்தால் ஒற்றைக்கொம்பு அடிக்கடி இடம் மாறி முன்னால் வந்து நிற்கும். "கொடுத்தார்" என்பது "ெகாடுத்தார்" ஆகிவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியிருந்தால் ஒட்டியதும் வெறும் ஆங்கில எழுத்துகளாக வரும். பிறகு நிருபர் கண்ணால் பார்த்துத் தானே தட்டுவார். பெயர் அங்கேதான் கெடும். யூனிகோடில் தட்டி, மின்னஞ்சலின் உடலிலேயே பத்தியை வையுங்கள். உங்களுக்கே அனுப்பி, செல்பேசியில் நகலெடுத்து இன்னொரு செயலியில் ஒட்டிப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

நிறுவனர் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதையும் நீங்களே முடிவு செய்து கொடுங்கள். முதலெழுத்து "எஸ்." ஆ, "ச." வா என்று நிருபரை ஊகிக்க விட்டால் ஒரே ஆள் இரண்டு நாளிதழில் இரண்டு ஆளாக வருவார்.

ஒரு நல்ல மாதிரிப் பத்தி அனுப்பிவையுங்கள், பெயரை மட்டும் மாற்றிக்கொள்கிறோம்.

உங்கள் நிறுவனரும் ஓசூரில் தொடங்கி 40 கிடங்குகள் வைத்திருந்தால் மேலே இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை திருத்த வேண்டும்?

ஆறு மாதம். பதவியோ எண்ணிக்கையோ மாறினால் அன்றே. பத்திக்கு வெளியே, மேலே, "இது இன்ன தேதியின் வடிவம், முந்தையதை நீக்கிவிடவும்" என்று ஒரு வரி போடுங்கள். பத்திக்குள் போட்டால் அதையும் சேர்த்து அச்சிடுவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.