22 பேர் வேலை செய்யும் கடைக்கு லீவு விதி எழுதுவது எப்படி?

"ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறோம், 22 பேர் வேலை செய்கிறார்கள். இதுவரை லீவு எல்லாம் வாய்ப்பேச்சாகவே ஓடிவிட்டது. இப்போது கணக்குப் பிரிவில் இருக்கும் பெண் கர்ப்பமாக இருக்கிறார், சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகிறது, சம்பளம் 24,000. குடோனில் ஒரு தம்பி மனைவி பிரசவத்துக்கு ஒரு மாதம் லீவு கேட்கிறான். உடம்பு சரியில்லை, சொந்த வேலை, பிரசவம் மூன்றுக்கும் சேர்த்து எழுத்தில் ஒரு விதி போட வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது?"

முதலில் சட்டம் சொல்லும் குறைந்தபட்சத்தைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அதற்குக் கீழே நீங்கள் எதுவும் எழுத முடியாது. உங்களுடையது கடை என்பதால் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 பொருந்தும். அதன்படி வருடத்துக்குச் சம்பளத்தோடு 12 நாள் நோய் விடுப்பு, 12 நாள் தற்செயல் விடுப்பு, அது போக ஒரு வருடம் முடித்தவர்களுக்கு அடுத்த வருடத்தில் 12 நாள் ஈட்டிய விடுப்பு. முதல் இரண்டும் சேர்ந்த முதல் வருடத்திலேயே உண்டு. ஈட்டிய விடுப்பை எடுக்காவிட்டால் 24 நாள் வரை சேர்த்துக்கொள்ளலாம். குடியரசு தினம், மே தினம், பண்டிகை விடுமுறை எல்லாம் தனிக் கணக்கு, அதை இதில் கழிக்கக் கூடாது.

நிறைய கடைகளில் நோய் விடுப்பையும் தற்செயல் விடுப்பையும் ஒன்றாகப் போட்டு "வருடத்துக்கு இத்தனை நாள்" என்று முடித்துவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். குலதெய்வம் கோவிலுக்கும் காதுகுத்துக்கும் எடுத்தே பத்து நாள் தீர்ந்துபோனவருக்கு ஐப்பசியில் டெங்கு வந்தால் கையில் ஒன்றும் இருக்காது, காய்ச்சலோடு வந்து கல்லாவில் உட்காருவார். தவிர இரண்டுக்கும் நடைமுறை வேறு. சொந்த வேலைக்கு முன்கூட்டியே கேட்கச் சொல்லலாம், காய்ச்சலை யாரும் முன்கூட்டியே சொல்ல முடியாது. அதனால் தற்செயல் விடுப்பு மாதம் ஒன்றாகச் சேரட்டும், நோய் விடுப்பு 12 நாளும் சேர்ந்த அன்றே கணக்கில் இருக்கட்டும். புதிதாகச் சேர்ந்தவருக்கு இரண்டாம் மாதத்தில் மஞ்சள் காமாலை வந்தால் "உனக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது" என்று சொல்வது நியாயமே இல்லை.

வாசகம் இப்படி இருந்தால் போதும்: "உடம்பு சரியில்லாதவர் அன்று காலை 9 மணிக்குள் மேலாளருக்கு வாட்ஸ்அப்பிலோ போனிலோ தகவல் சொன்னால் போதும், அவர் சார்பில் வீட்டார் சொன்னாலும் சரி. தொடர்ந்து மூன்று நாளுக்கு மேல் போனால் மருத்துவர் சான்று தர வேண்டும்." ஒரு நாள் வயிற்றுப்போக்குக்குச் சான்று கேட்டால், அவர் சான்றுக்காகவே மருத்துவரிடம் போய்க் காசு செலவழிக்க வேண்டியிருக்கும். சனிக்கிழமையும் திங்கட்கிழமையும் லீவு எடுத்தால் நடுவிலுள்ள ஞாயிறையும் லீவாகக் கணக்கிடும் வழக்கம் உங்களிடம் இருந்தால் எடுத்துவிடுங்கள். சின்ன நிறுவனங்களில் ஊழியர்கள் மனம் கசந்துபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அப்புறம் இஎஸ்ஐ. மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இது உண்டு. டைஃபாய்டு, அறுவை சிகிச்சை என்று நோய் நீண்டால், தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் இஎஸ்ஐயே தரும். ஆனால் நீங்கள் முழுச் சம்பளம் கொடுத்த நாளுக்கு இஎஸ்ஐயில் பணம் வாங்க முடியாது. அதனால் விதியில் தெளிவாக எழுதுங்கள்: சின்ன உடல்நலக் குறைவுக்குக் கடையின் நோய் விடுப்பு, நீண்டு போனால் எந்தத் தேதியிலிருந்து இஎஸ்ஐக்கு மாறுகிறார் என்பதை அவரிடம் கேட்டு, வருகைப் பதிவேட்டிலும் அப்படியே குறிக்க வேண்டும். பதிவேட்டில் சம்பளத்தோடு விடுப்பு என்றும் இஎஸ்ஐ படிவத்தில் சம்பளமில்லை என்றும் இருந்தால் அவருடைய பணம் நின்றுபோகும்.

இனி பிரசவ விடுப்பு. 10 பேருக்கு மேல் இருப்பதால் உங்களுக்கு இது கட்டாயம். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது, பழைய 1961 சட்டத்தில் இருந்த 26 வாரம் அதிலும் தொடர்கிறது. பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம், மீதி பின்னால். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருப்பவருக்கு 12 வாரம். கருச்சிதைவுக்கு 6 வாரம், இதை எழுத எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், நீங்கள் எழுதுங்கள்.

"ஏழு மாதம்தான் ஆகிறது" என்று தயங்கியிருக்கிறீர்கள். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும், அவர் எப்போதோ தாண்டிவிட்டார். 24,000 சம்பளத்தில் சேர்ந்ததால் அவர் இஎஸ்ஐயில் இல்லை, எனவே பணம் உங்கள் கையிலிருந்துதான். 26 வாரம் என்பது 182 நாள், சுமார் 1,44,000 ரூபாய் வரும். பேறுகால மருத்துவ வசதியை நீங்கள் இலவசமாகத் தராவிட்டால் 3,500 ரூபாய் மருத்துவ போனசும் சேரும். இதை மாதாமாதம் கொடுக்கலாம் என்று நினைத்திருப்பீர்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை: பிரசவத்துக்கு முந்தைய வாரங்களுக்கான தொகை கர்ப்பத்துக்கான சான்று தந்ததும் முன்பணமாக, மீதி குழந்தை பிறந்த சான்று தந்த 48 மணி நேரத்துக்குள். ஆறு வாரம் முன்னால் போகிறார் என்று வைத்துக்கொள்வோம், முதலில் சுமார் 33,000, பிறந்த பிறகு சுமார் 1,11,000 ஒரே தடவையில் போகும். தீபாவளிச் சரக்கெடுப்பு நேரத்தில் அவ்வளவு பணம் புரட்டுவது சிரமம், இப்போதே ஒதுக்கிவையுங்கள்.

இதே பெண்ணுக்கு 18,000 சம்பளம் என்றால் சந்தா நிபந்தனையை நிறைவு செய்யும் பட்சத்தில் 26 வாரத்துக்கும் இஎஸ்ஐ கொடுத்துவிடும், நீங்கள் மாதம் கட்டும் பங்கு 585 ரூபாய்தான். ஆகவே யாருக்காவது 20,500லிருந்து 22,000க்குச் சம்பளம் உயர்த்தும்போது அவர் எந்தத் தேதியில் இஎஸ்ஐயை விட்டு வெளியே வருகிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் வரம்பைத் தாண்டினாலும் செப்டம்பர் 30 அல்லது மார்ச் 31 வரை, அதாவது அந்தச் சந்தாக் காலம் முடியும் வரை, சந்தா பிடித்துக் கட்டியாக வேண்டும்.

செலவைப் பார்த்துவிட்டு "வேலையை விட்டு நின்றுகொள்ளட்டுமே" என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். பிரசவ விடுப்பில் இருப்பவரை நீக்குவது சட்டவிரோதம், கர்ப்பத்தைக் காரணமாக்கி வேலையை விட்டு அனுப்புவதும் அப்படியே. திரும்பி வரும்போது அதே வேலை, அதே சம்பளம் என்று ஒரு வரி விதியில் இருக்க வேண்டும். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க தினமும் இரண்டு இடைவேளை கூடுதலாக உண்டு, அதையும் எழுதுங்கள்.

குடோன் தம்பி விஷயம். தனியார் நிறுவனத்தில் தந்தைக்கு விடுப்பு தரச் சட்டக் கட்டாயம் இல்லை, மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் இருக்கிறது. உங்கள் அளவுக் கடைக்குச் சம்பளத்தோடு 10 நாள், குழந்தை பிறந்து ஆறு மாதத்துக்குள் எடுக்கலாம் என்று எழுதுங்கள் என்பது என் கருத்து. தம்பி ஒரு வருடம் முடித்திருந்தால் ஈட்டிய விடுப்பு 12 நாளும் சேர்த்து 22 வேலை நாள், இடையில் வரும் ஞாயிறுகளோடு 25 நாளாவது வந்துவிடும், அவன் கேட்ட ஒரு மாதம் கிட்டத்தட்ட கிடைத்த மாதிரிதான். அவனுக்கு மட்டும் தனிச் சலுகையாகக் கொடுக்காமல் எல்லோருக்குமான விதியாகக் கொடுத்தால் அடுத்தவர் கேட்கும்போது தகராறு வராது.

எழுதி முடித்ததும் தமிழிலேயே அச்சடித்து, எந்தத் தேதியிலிருந்து அமல் என்பதையும் அன்றைக்கு ஒவ்வொருவர் கணக்கிலும் எத்தனை நாள் இருக்கிறது என்பதையும் சேர்த்து, ஆளுக்கொரு பிரதி கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். இனிமேல் எந்தப் பெண்ணை வேலைக்கு எடுத்தாலும் பேறுகாலச் சலுகைகளைச் சேரும்போதே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், நியமனக் கடிதத்தின் பின்பக்கத்தில் அந்தப் பகுதியை அச்சிட்டுவிட்டால் வேலை முடிந்தது.