எழுத்தை எண்ணிக் கூலி வாங்கிய காலத்தில் பேனரைப் படிக்க முடிந்தது

கேள்வி: பொங்கலுக்குக் கடை முன்னால் 8-க்கு 4 அடியில் ஒரு வாழ்த்து பேனர் வைக்க நினைக்கிறேன். சாலையில் வண்டியில் போகிறவர்கள் ஒரே பார்வையில் படிக்கும்படி, குறைந்த சொற்களில் என்ன எழுதலாம்?

"பொங்கல் வாழ்த்துகள்" என்று இரண்டே சொல் எழுதுங்கள். மேல் வரியில் ஒன்று, கீழ் வரியில் ஒன்று. கடையின் பெயர்கூட வேண்டாம், அது பெயர்ப் பலகையில் ஏற்கெனவே இருக்கும். உங்களுக்கான பதில் இவ்வளவுதான். ஆனால் இந்த வாசகத்தை வீட்டில் சொன்னதுமே ஆளுக்கொரு சொல்லைச் சேர்க்கச் சொல்வார்கள். கடைசியில் அச்சுக்குப் போவது வேறொன்றாக இருக்கும். அதைத் தடுக்க உங்களுக்குக் காரணங்கள் தேவைப்படும் என்பதால் மீதியை எழுதுகிறேன்.

நான் புதுக்கோட்டையில் பிளக்ஸ் அச்சடித்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். என் அப்பா சுவர் விளம்பரமும் துணி பேனரும் எழுதியவர். துணியை இழுத்துக் கட்டி, நீலத்தில் நனைத்த நூலை இரண்டு முனையிலும் பிடித்துச் சுண்டுவார், நேர்கோடு ஒன்று பளிச்சென்று விழும். அந்தக் கோட்டின் மேல் கரித்துண்டால் எழுத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, சாலையைக் கடந்து எதிர்க்கடை வாசலில் போய் நிற்பார். அங்கிருந்து படிக்க முடியவில்லை என்றால் திரும்பி வந்து கரியைத் துடைத்துவிடுவார்.

அவர் எழுத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி பேசுவார். கடைக்காரர் சொல்லும் வாசகத்தை விரல் விட்டு எண்ணித் தொகையைச் சொன்னவுடன், "இனிய வேண்டாம், அதை எடுத்துவிடுங்கள்" என்று கடைக்காரரே குறைப்பார். இன்று பிளக்ஸுக்குச் சதுர அடிக் கணக்கில் பணம் வாங்குகிறோம். இரண்டு சொல்லுக்கும் இருபது சொல்லுக்கும் ஒரே விலை. சொல் இலவசமானதும் எல்லோரும் அள்ளிப் போட ஆரம்பித்துவிட்டார்கள். பிளக்ஸ் விற்றுப் பிழைக்கிற நானே இதைச் சொல்வது பொருந்தாது என்று யாராவது எழுதக்கூடும். விற்கிறவன் என்பதால்தான் எனக்கு இது தெரிகிறது.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தஞ்சாவூர் செல்லும் சாலையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒருவர், 10-க்கு 4 அடி பேனருக்கு இந்த வாசகத்தைக் கொண்டுவந்தார்: "எங்கள் வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் இதயம் கனிந்த இனிய தைப்பொங்கல், மாட்டுப்பொங்கல், காணும்பொங்கல் மற்றும் உழவர் திருநாள் நல்வாழ்த்துக்களைத் தெரிவித்துக்கொள்கிறோம்." பதினான்கு சொல். இடது பக்கம் அவர் படம், வலது பக்கம் பானையும் கரும்பும். அவர் கேட்டபடியே வடிவமைத்துக் காட்டினேன். படங்கள் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டதால், வாசகத்தை ஐந்து வரியாக மடக்கியும் எழுத்தின் உயரம் இரண்டு அங்குலத்தைத் தாண்டவில்லை.

எங்கள் தொழிலில் பழைய கணக்கு ஒன்று உண்டு. எழுத்தின் உயரம் ஓர் அங்குலம் என்றால் பத்தடி தூரத்திலிருந்து சிரமமில்லாமல் படிக்கலாம். இரண்டு அங்குலம் என்றால் இருபதடி. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் இருசக்கர வாகனம் ஒரு வினாடியில் சுமார் 36 அடி கடந்துவிடும். அப்படியானால் அந்த பேனரைப் படிக்க வண்டி ஓட்டுகிறவருக்குக் கிடைப்பது அரை வினாடிக்கும் சற்றுக் கூடுதல். பதினான்கு சொல்லை எப்படிப் படிப்பார்? எழுத்து பத்து அங்குலம் என்றால் நூறடி தூரத்திலேயே படிக்கத் தொடங்கலாம், கிட்டத்தட்ட மூன்று வினாடி கிடைக்கும்.

அந்த மூன்று வினாடியும் முழுதாகக் கையில் வராது. கடை முகப்பில் கட்டும் பேனர் சாலையைப் பார்த்து இருக்கும்; வண்டியில் வருகிறவரோ சாலையின் போக்கில் பார்ப்பார். சாய்வாகப் பார்க்கும்போது எழுத்தின் உயரம் அப்படியே இருக்கும், அகலம் மட்டும் நெருங்கிப்போகும். அதனால் ஒன்று, ஒன்றரை வினாடிதான் மிஞ்சும். இடம் போதவில்லை என்று எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்கி நீளமாக்கும் வழக்கம் நிறையக் கடைகளில் இருக்கிறது. அது இந்தச் சாய்வில் முற்றிலும் கெட்டுவிடும், 'ள'வும் 'ன'வும் ஒன்றாகத் தெரியும். எழுத்தை அகலமாகவே விடுங்கள், சொல்லைக் குறையுங்கள்.

உயரத்தில் நம் எழுத்துக்கு உள்ள தேவை வேறு. உடல் பத்து அங்குலம் என்றால் மேலே புள்ளிக்கும் கொக்கிக்கும் மூன்று அங்குலமாவது வேண்டும். கீழே 'ழ', 'து' போன்றவை இறங்குவதற்கும் அதே அளவு வேண்டும். ஆக ஒரு வரிக்கு ஏறத்தாழ பதினாறு அங்குலம். நான்கு அடி உயர பேனர் 48 அங்குலம், அதில் இரண்டு வரி நிம்மதியாக உட்காரும். மூன்றாவது வரியைத் திணித்தால் மேல் வரியின் கால் கீழ் வரியின் புள்ளியில் போய் இடிக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் சேர்ந்து அழுக்குப் படிந்ததுபோல் தோன்றும்.

உங்கள் பேனரின் அகலம் 96 அங்குலம். ஓரத்துக்கு நான்கு நான்கு விட்டால் 88 மிஞ்சும். "வாழ்த்துகள்" என்பதைப் பத்து அங்குல உயரத்தில் அகலமாக எழுதினால் 84 அங்குலம் போலப் பிடிக்கும், சரியாக அமைந்துவிடும். "நல்வாழ்த்துகள்" என்று எழுதினால் 108 ஆகிவிடும், எழுத்தை எட்டு அங்குலத்துக்குக் குறைத்தாக வேண்டும். 'நல்' என்ற ஒரு ஒட்டுக்காக நீங்கள் கொடுப்பது சாலையில் இருபதடி தூரம். வாழ்த்து என்றாலே நல்லதுதானே, யாரும் கெட்ட வாழ்த்துச் சொல்வதில்லை. 'இனிய'வுக்கும் இதே பதில்தான்.

பாத்திரக்கடைக்காரரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. "தம்பி, வாழ்த்துச் சொல்வதில் போய்ச் சிக்கனம் பார்ப்பதா? வாடிக்கையாளர் என்ற சொல்லே இல்லாவிட்டால் மரியாதையாக இருக்குமா?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மரியாதையை நீளத்தால் அளப்பது நம் கல்யாணப் பத்திரிகை வழக்கம். பத்திரிகையைக் கையில் வைத்து உட்கார்ந்து படிக்கிறோம், அங்கே அது பொருத்தம். நான் அவரோடு வாதாடவில்லை. அவருடைய வடிவத்தை ஒரு தாளில் அச்செடுத்துக் கொடுத்து, சுவரில் ஒட்டிவிட்டு எட்டடி தள்ளி நின்று படிக்கச் சொன்னேன்.

இந்தச் சோதனையை நீங்களும் செய்யுங்கள். ஓர் அடியை ஓர் அங்குலமாகச் சுருக்கி அச்செடுத்தால், உங்கள் பேனர் தாளில் எட்டுக்கு நான்கு அங்குலமாக வரும். தூரமும் அதே அளவில் சுருங்கும். தாளிலிருந்து எட்டடி தள்ளி நிற்பது, பேனரிலிருந்து 96 அடி தள்ளி நிற்பதற்குச் சமம். வாசகம் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு, ஒரு வினாடி காட்டிவிட்டுத் தாளை மறைத்து, என்ன எழுதியிருந்தது என்று கேளுங்கள். நீங்களே பார்த்தால் பயனில்லை, உங்களுக்குத்தான் வாசகம் மனப்பாடமாயிற்றே. பாத்திரக்கடைக்காரர் எட்டடியில் நின்று தன் படத்தை மட்டும்தான் அடையாளம் கண்டார். கடைப் பையனைக் கூப்பிட்டுப் பார்த்தார், அவனும் "பானை இருக்கிறது" என்றான்.

கடைசியில் அவருக்கு நான் போட்டுக் கொடுத்தது "பொங்கலோ பொங்கல்!" இரண்டு வரி, அடர்சிவப்பில் மஞ்சள் எழுத்து, மிஞ்சிய ஓரத்தில் ஒரே ஒரு பித்தளைப் பானை. பால் பொங்கும்போது எல்லா வீட்டிலும் கூவும் கூவல் அது. கண் முதல் எழுத்தைப் பிடித்தாலே போதும், மீதியை வாய் தானாகச் சொல்லிவிடும். பானை விற்கிற கடைக்கு இதைவிடப் பொருத்தமான வாழ்த்து எனக்குத் தெரியவில்லை. உங்கள் கடை பாத்திரம், பலசரக்கு, வெல்லமண்டி என்று எதுவாக இருந்தாலும் இதையே பயன்படுத்தலாம். மருந்துக்கடை, செல்போன் கடை என்றால் "பொங்கல் வாழ்த்துகள்" போதும்.

"வாழ்த்துக்கள்" என்றுதான் எழுத வேண்டும் என்று இங்கே சிலர் சண்டைக்கு வரக்கூடும். க் இல்லாமல் எழுதுவதே சரி என்று என் தமிழாசிரியர் சொல்லிக் கொடுத்தார், நான் அப்படியே எழுதுகிறேன். இலக்கணம் எப்படியிருந்தாலும், அந்த க் ஓர் எழுத்தின் இடத்தைப் பிடிக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனம் பொறுக்கவில்லை. பண்டிகை பேனருக்குப் பணத்தைப் பிறகு தருகிறேன் என்பார்கள். தை முடிந்து மாசியில் போய்க் கேட்டால், "பொங்கல்தான் முடிந்துவிட்டதே" என்று பழைய பொருளுக்குப் பேரம் பேசுவதுபோலப் பேசுவார்கள். போன ஆண்டு மட்டும் இப்படி நான்கு கடைகளில் எனக்குப் பாக்கி நின்றது. பண்டிகை முடிந்தது, அச்சுக்கு நான் வாங்கிய மையின் கடன் முடியவில்லை. உங்கள் ஊரில் அச்சடித்துக் கொடுப்பவருக்கு தயவுசெய்து அன்றே கொடுத்துவிடுங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். பேனரை உங்கள் கடைச் சுவரிலேயே இறுக்கிக் கட்டுங்கள். சாலை ஓரத்திலோ நடுத்திட்டிலோ நிறுத்தாதீர்கள். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் நடுத்திட்டில் வைத்த பேனர் விழுந்து, இருசக்கர வாகனத்தில் போன ஓர் இளம்பெண் உயிரிழந்தார். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து சாலையில் நிறுத்தும் பேனருக்கு நான் ஆர்டர் எடுப்பதில்லை.

அடுத்தது, அச்சுக்குப் போகும் முன் இறுதி வடிவத்தை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். நீங்கள் கைப்பேசியில் தட்டச்சு செய்து அனுப்பும் தமிழ், வடிவமைக்கும் கணினியில் பழைய எழுத்துருவுக்கு மாறும்போது உடைந்துபோவது உண்டு. 'பொ'வின் கொம்பு இடம் மாறி 'ப'வுக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துக்குத் தடித்த வெள்ளை விளிம்பு கொடுத்திருந்தால் 'ங்', 'ல்' மேலுள்ள புள்ளிகள் அதில் மூழ்கிவிடும். விளிம்பும் நிழலும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். "பொங்கல்" என்ற சொல்லில் கொம்பு ஒன்று, புள்ளி இரண்டு. அந்த மூன்றையும் விரல் வைத்துப் பார்த்த பிறகு அச்சடிக்கச் சொல்லுங்கள்.