18 ஆனதும் அப்பாவின் கையெழுத்து செல்லாது

மகளுக்கு 7 வயதில் வங்கிக் கணக்கு தொடங்கினோம். காப்பாளர் என் கணவர். 62,000 ரூபாய் இருக்கிறது. மே மாதம் அவளுக்கு 18 முடிந்தது. கல்லூரிக்குக் கட்ட எடுக்கப் போனால் தர மாட்டேன் என்கிறார்கள். கணவர் ஆழ்கடலுக்குப் போயிருக்கிறார், வர ஒரு மாதம் ஆகும்.
— ஒரு தாய், தூத்தூர்

அம்மா, உங்கள் பணம் எங்கும் போகவில்லை. மகளுக்கு 18 முடிந்த அன்றே அந்தக் கணக்கில் உங்கள் கணவரின் அதிகாரமும் முடிந்துவிட்டது. அவர் கரையில் இருந்திருந்தாலும் அவர் கையெழுத்துக்குப் பணம் தர மாட்டார்கள். இனி கையெழுத்துப் போட வேண்டியவள் மகள். அவள் மாதிரிக் கையெழுத்து வங்கியில் இல்லாததால்தான் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

மகளை நேரில் கூட்டிப் போங்கள். பாஸ்புக், ஆதார், பான் அட்டை, இரண்டு புகைப்படம் போதும். பான் இல்லையென்றால் அதற்கு ஓர் உறுதிமொழிப் படிவம் உண்டு, கேட்டு வாங்குங்கள். 'மைனர் கணக்கை மேஜராக மாற்ற வேண்டும்' என்று சொன்னால் படிவம் தருவார்கள். மாதிரிக் கையெழுத்தை அவள் அங்கேயே போட வேண்டும். காப்பாளர் நடத்திய கணக்கு என்பதால் இருப்புத் தொகையையும் உறுதி செய்துகொள்வார்கள். அதற்கு அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்று கிளை சொன்னால், அவர் கடலில் இருப்பதைக் கடிதமாக எழுதிக் கொடுத்து, வேறு வழி என்னவென்று மேலாளரிடம் கேளுங்கள்.

இரண்டு இடத்தில் சிக்கும். முதலாவது பெயர். பாஸ்புக்கில் இனிஷியலோடு இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். பிறந்த தேதியும் மாறியிருக்கலாம். போகும் முன்பே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாறியிருந்தால் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துப் போங்கள். இரண்டாவது போன் நம்பர். கணக்கில் அப்பாவின் நம்பர் இருந்தால், ஓ.டி.பி. கடலில் இருக்கும் போனுக்குத்தான் போகும். அன்றைக்கே மகளின் நம்பரைக் கொடுத்து மாற்றுங்கள்.

இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. சிறுவர் கணக்குகள் பற்றி ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் புது அறிவுறுத்தல் தந்தது. பிள்ளைக்கு 18 ஆகும்போது என்னென்ன வேண்டும் என்பதை வங்கியே முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. பிறந்த தேதி அவர்கள் கம்ப்யூட்டரிலேயே கிடக்கிறது. ஆனாலும் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாளில் வரிசையில் நிற்கும்போதுதான் தாய்மாருக்கு விஷயம் தெரிகிறது. உங்களுக்கு முன்னறிவிப்பு வரவில்லை என்றால், அதை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது.

மகனுக்கு 10 வயதாகிறது. அவனே தனியாகக் கணக்கு நடத்தலாமா?
— தக்கலை

நடத்தலாம். 10 வயது முடிந்த பிள்ளை தானே கணக்கு தொடங்கி நடத்த விதி இடம் தருகிறது. எவ்வளவு தொகை வரை என்பதையும், கார்டு தரலாமா என்பதையும் அந்தந்த வங்கி முடிவு செய்யும். எந்த வயதிலும் சிறுவர் கணக்கில் இருப்பைத் தாண்டி எடுக்க முடியாது. அவன் இப்போதே தன் கையெழுத்தைப் போட்டுப் பழகினாலும், 18 ஆனதும் கையெழுத்தைப் புதிதாகக் கொடுக்கத்தான் வேண்டும்.

மகனுக்கு 19 ஆயிற்று. அவன் கணக்கின் ஏ.டி.எம். கார்டு என்னிடம்தான். நானே எடுத்துச் செலவு பண்ணுகிறேன். ஏதாவது பிரச்சினை வருமா?
— மார்த்தாண்டம்

வரும். பணம் அவருடையது. கார்டை இன்றே கொடுத்துவிடுங்கள்.

குழந்தைகளுக்கான சேமிப்பு என்று வங்கியில் ஆண்டுக்கு 20,000 கட்டச் சொல்கிறார்கள். சேரலாமா? படிவத்தை இன்னும் படிக்கவில்லை.
— குலசேகரம்

படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் எனக்கு எழுதாதீர்கள். படிவத்தில் 'பிரீமியம்', 'பாலிசி' என்ற சொற்கள் இருந்தால் அது சேமிப்புக் கணக்கே இல்லை, காப்பீடு. என் மகள் பிறந்தபோது நானும் இப்படித்தான் கவுன்டரில் சொன்னதை நம்பினேன். மூன்று வருடம் கட்டினேன். நாலாம் வருடம் முடியாமல் நிறுத்தியபோது, கட்டியதில் பாதிகூடத் திரும்பவில்லை. அவள் பேரில் சாதாரண கணக்கில் போட்டிருந்தால் ஒரு ரூபாய் குறைந்திருக்காது. ஏற்கெனவே வாங்கியிருந்தால், பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். சிறு பிடித்தம் போக மீதி திரும்பி வரும்.