டம்மி அம்பு எங்கே வரும்: ஒரு மடை வேலையை வைத்து

கேள்வி: "டிப்ளமோ சிவில் படிக்கிறேன். வேலைப் பட்டியலைக் கொடுத்து நெட்வொர்க் வரையச் சொன்னால் ஆக்டிவிட்டி ஆன் நோட் எப்படியோ வந்துவிடுகிறது, ஆக்டிவிட்டி ஆன் ஏரோவில் டம்மி போடும் இடத்தில் மாட்டிக்கொள்கிறேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம், பட்டியலைப் பார்த்து எப்படி வரைவது?"

நோட் முறையில் ஒவ்வொரு வேலையும் ஒரு கட்டம். கட்டங்களுக்கு இடையே ஓடும் அம்பு, முன்னது முடிந்தால்தான் பின்னது தொடங்கலாம் என்ற உறவை மட்டும் காட்டும். ஏரோ முறையில் அம்பே வேலை. அம்புகள் கூடும் வட்டம் ஒரு நிகழ்வைக் குறிக்கும்: அதனுள் வந்து சேரும் வேலைகள் அனைத்தும் முடிந்த பிறகுதான் அதிலிருந்து புறப்படும் வேலைகளில் எதுவும் தொடங்க முடியும். வேலை எதையும் குறிக்காமல் உறவை மட்டும் காட்டும் அம்பான, உங்களைப் படுத்தும் டம்மி இந்தக் கடைசி விதியிலிருந்துதான் பிறக்கிறது.

திருநெல்வேலிப் பக்கம் குளத்து மடை, வாய்க்கால் வேலைகளை மேற்பார்வை பார்ப்பவன் என்ற முறையில், என் கைக்கு வந்த ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன். பழைய மடை ஒன்றை இடித்துப் புதிதாகக் கட்டும் வேலை. நல்ல ஆண்டாக இருந்தால் ஜூன் தொடக்கத்தில் கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணையைத் திறந்துவிடுவார்கள் என்பதால், கோடைக்குள் முடித்தாக வேண்டும். பட்டியலைச் சற்றுச் சுருக்கித் தருகிறேன்:

அ. பழைய மடையை இடித்தல்: 4 நாள், முன்வேலை இல்லை
ஆ. பட்டறையில் இரும்பு ஷட்டர் செய்தல்: 21 நாள், முன்வேலை இல்லை
இ. கான்கிரீட் சுவர், கியூரிங் உட்பட: 14 நாள், அ முடிந்த பின்
ஈ. சுவரை ஒட்டிக் கரை மண் நிரப்பித் திமிசு போடுதல்: 6 நாள், இ முடிந்த பின்
உ. ஷட்டர் பொருத்துதல்: 2 நாள், ஆ, இ இரண்டும் முடிந்த பின்
ஊ. தண்ணீர் விட்டுச் சோதித்தல்: 1 நாள், ஈ, உ இரண்டும் முடிந்த பின்

நோட் முறையில் இதை வரைய யோசனையே வேண்டாம். ஆறு கட்டங்களைப் போட்டு, முன்வேலைப் பத்தியில் எழுதியிருக்கும் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கோடு இழுத்தால் போதும். அ, ஆ இரண்டும் முன்வேலை இல்லாதவை என்பதால், இடது ஓரத்தில் தொடக்கம் என்று ஒரு கட்டத்தைச் சேர்த்து அதிலிருந்து இரண்டுக்கும் கோடு விடுவது வழக்கம்.

ஏரோ முறையில் வரைவதற்கு முன், முன்வேலைப் பத்தியை இரண்டிரண்டு வரிகளாக ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு வேலைகளுக்கு முன்வேலைகள் அச்சாக ஒன்றாகவே இருந்தால், அவை ஒரே வட்டத்திலிருந்து புறப்படும். பொதுவான முன்வேலை ஒன்றுகூட இல்லையென்றால் அவை தனித்தனி வட்டங்களிலிருந்து புறப்படும். அவற்றுக்கிடையே டம்மி தேவையில்லை. பாதி பொதுவாகவும் பாதி வேறாகவும் இருக்கும் இடத்தில்தான் டம்மி வரும். நம் பட்டியலில் அப்படிப்பட்ட ஜோடி ஈயும் உவும்: இரண்டுக்கும் இ வேண்டும், உவுக்கு மட்டும் கூடுதலாக ஆ வேண்டும். ஆகவே இ முடியும் வட்டமும் ஆ முடியும் வட்டமும் வேறு வேறாக இருக்க வேண்டும். இ முடிந்த செய்தியை உவின் தொடக்கத்துக்குக் கொண்டுபோக ஒரு டம்மி வேண்டும். வட்டங்களுக்கு எண் கொடுத்தால் அ 1-2, இ 2-3, ஆ 1-4, டம்மி 3-4, ஈ 3-5, உ 4-5, ஊ 5-6 என்று படம் அமையும். டம்மியைப் புள்ளிக்கோடாக வரைவார்கள். அதற்கு நாள் பூஜ்யம், ஆள், பொருள் எதுவும் கிடையாது.

என் கைக்கு வந்த படத்தில் இந்த டம்மி இல்லை. வரைந்தவர் ஆவையும் இவையும் ஒரே வட்டத்தில் முடித்து, அதே வட்டத்திலிருந்து ஈயையும் உவையும் புறப்பட விட்டிருந்தார். பார்வைக்கு அது மிகவும் சுத்தமான படம். ஆனால் மண் நிரப்புவதற்கும் ஷட்டர் வந்தாக வேண்டும் என்று அது சொல்கிறது. சுவர் 18-ஆம் நாள் தயாராகியும் மண் வேலை 21-ஆம் நாள் முடியும் வரை காத்திருந்து, 27-இல் முடிந்து, மொத்தம் 28 நாள் ஆகிறது. சரியான படத்தில் மண் வேலை 18 முடிந்ததும் தொடங்கி 24-இல் முடியும், ஷட்டர் 23-இலேயே பொருத்தப்பட்டிருக்கும், சோதனையோடு மொத்தம் 25 நாள்.

அந்த மூன்று நாளைவிட எனக்கு உறுத்தியது, மொத்த நாளைத் தீர்மானிக்கும் மிக நீளமான வேலைத் தொடரான கிரிட்டிக்கல் பாத் இடம் மாறியதுதான். பிழையான படத்தில் அது ஷட்டர், மண், சோதனை என்று ஓடியது. அதைப் பார்த்துவிட்டுக் கூட்டத்தில் எல்லாரும் பட்டறைக்காரரைக் குறைசொன்னார்கள். கூடுதல் பணம் கொடுத்தாவது ஷட்டரைச் சீக்கிரம் வாங்க வேண்டும் என்று ஒருவர் வற்புறுத்தினார். உண்மையில் கிரிட்டிக்கல் பாத் இடித்தல், சுவர், மண், சோதனை என்பதே. ஷட்டருக்கு ஒரு நாள் ஃப்ளோட் இருக்கிறது, அதாவது அது ஒரு நாள் தாமதமானாலும் மொத்த வேலை தள்ளிப்போகாது. அதைப் பத்து நாளில் வாங்கி வைத்திருந்தாலும் மொத்த வேலையில் ஒரு நாள்கூடக் குறையாது.

டம்மியின் திசையும் முக்கியம். 4-லிருந்து 3-க்கு என்று திருப்பிப் போட்டால், மண் வேலை தேவையில்லாமல் ஷட்டருக்குக் காத்திருப்பதோடு, சுவரே கட்டாமல் ஷட்டரைப் பொருத்தலாம் என்றும் படம் சொல்லும். வரைந்து முடித்ததும் ஒவ்வொரு வேலை அம்பின் வால் பக்கம் நின்று பின்னோக்கிப் பாருங்கள். அந்த வட்டத்துக்குள் நேராகவோ டம்மி வழியாகவோ வந்து சேரும் வேலைகள் பட்டியலின் முன்வேலைப் பத்தியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்; கூடினாலும் குறைந்தாலும் படம் தவறு.

இன்னொரு வகை டம்மியும் உண்டு. சுவர் வேலையான இ முடிந்தபின் படித்துறைக் கல் பதிக்கும் வேலை ஒன்றும் இருந்து, சோதனைக்கு முன் அதுவும் முடிய வேண்டும் என்றால், அதுவும் ஈயைப் போலவே 3-5 ஆகிவிடும். வேலையை இரண்டு வட்ட எண்களால் அடையாளம் காண்பது ஏரோ முறை என்பதால், இடையில் ஒரு வட்டமும் டம்மியும் வைத்துப் பிரிக்க வேண்டும். இந்த டம்மி பெயர் குழம்பாமல் இருப்பதற்காக மட்டுமே. நாள் கணக்கை மாற்றாது.

ஏரோ முறை செத்துப்போனது, அதை ஏன் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று சிலர் கீழே எழுதுவார்கள். மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட், பிரைமவேரா பி6 இரண்டும் நோட் முறையில்தான் இயங்குகின்றன என்பதை மறுக்கவில்லை. 1950-களின் இறுதியில் டூபான்ட் நிறுவனம் தன் ஆலை வேலைகளுக்கும், அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்கும் அம்புப் படங்களைப் பயன்படுத்தின. 1961-இல் ஸ்டான்ஃபோர்டின் ஜான் ஃபோண்டால் நோட் முறையைக் கைக்கணக்குக்கு எளிதான வழியாக முன்வைத்தார். சுவர் வேலை தொடங்கிய சில நாளிலேயே ஒரு பக்கம் மண் போடத் தொடங்கலாம் என்பது போன்ற உறவை நோட் முறையில் ஒரே கோட்டில் காட்டிவிடலாம். ஏரோ முறையில் சுவர் வேலையையே இரண்டாக வெட்டியாக வேண்டும். ஆகவே வேலைக்குப் போனபின் நோட் முறையையே பயன்படுத்துங்கள்.

ஆனால் தேர்வில் இன்னும் ஏரோ கேட்கிறார்கள், அங்கே எனக்கு ஒரு குறை உண்டு. விடைக்குறிப்பில் ஒரு டம்மி இருந்தால் மாணவனின் படத்திலும் ஒன்றே இருக்க வேண்டும் என்று மதிப்பெண்ணை வெட்டும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். மேலே சொன்ன படத்தில் இ முடிந்ததும் தனி வட்டம் வைத்து, அதிலிருந்து ஈயின் தொடக்கத்துக்கு இன்னொரு டம்மி போட்டாலும் உறவுகளும் 25 நாளும் அப்படியே இருக்கும்; அது தேவைக்கு அதிகமே தவிரத் தவறு அல்ல. உங்கள் ஆசிரியர் அப்படி வெட்டினால், முன்வேலைப் பத்தியையும் உங்கள் படத்தையும் அருகருகே வைத்து, எந்த உறவு மாறியிருக்கிறது என்று பணிவாகக் கேளுங்கள்.